மூடிய புத்தகத்தின் முன்னால்

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்தது. உங்கள் மகனின் ஆய்வேட்டில் ஒரு பத்தி முழுவதையும் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் சிவப்பாக்கிவிட்டது என்றும், அவன் இரண்டு நாட்களாகச் சொற்களை மாற்றிக்கொண்டே இருக்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். போன மழைக்காலத்தில் என் மாணவி ஒருத்திக்கும் இதே நிலை வந்தது. நாங்கள் செய்ததை நடந்தபடியே சொல்கிறேன். முதல் முயற்சியே தவறிப்போனதையும் சேர்த்து.

அவளுடைய ஆய்வு கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுவதைப் பற்றியது. ஏட்டின் மொழி ஆங்கிலம். முன்னுரை இயலில், பாறையிலிருந்து புளோரைடு எப்படி நீரில் இறங்குகிறது என்று விளக்கும் ஒரு பத்தி, பழைய கட்டுரை ஒன்றிலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்திருந்தது. குறிப்பெடுத்த நோட்டிலிருந்து தட்டச்சு செய்தாளாம். நோட்டில் இருந்தது தன் வாக்கியமா, கட்டுரையின் வாக்கியமா என்பது ஓராண்டுக்குப் பிறகு அவளுக்கே தெரியவில்லை. திருடும் எண்ணம் இல்லாமலேயே பெரும்பாலான பத்திகள் இந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

அறிக்கையைப் பார்த்ததும் அவளும் உங்கள் மகனைப் போலவே சொல்லுக்குச் சொல் மாற்றினாள். ஆங்கிலத்தில் 'சாஃப்ட் வாட்டர்' என்றால் கால்சியமும் மக்னீசியமும் குறைந்த மென்னீர். அதை அவள் 'ஜென்டில் வாட்டர்' ஆக்கியிருந்தாள். நீர் பாறைக்குள் தங்கியிருக்கும் காலத்தைக் குறிக்கும் துறைச்சொல், யாரோ குடியிருக்கும் காலம் போல மாறியிருந்தது. ஒப்புமை விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் வாக்கியங்களின் வரிசை, எடுத்துக்காட்டு, முடிவு எல்லாம் இன்னும் அந்தக் கட்டுரையாளருடையவையே. கூடுதலாக வேதியியலும் தவறாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. பிள்ளைகள் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். மென்பொருள் கண்டுபிடிப்பது சொற்களின் ஒப்புமையைத்தான். எழுதியவருக்குப் பொருள் புரிந்ததா என்பதை அது பார்ப்பதில்லை.

அதனால் அந்தப் பத்தியை முழுவதும் அழிக்கச் சொன்னேன். மூலக் கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு மூடி, பார்க்காமல் எழுதச் சொன்னேன். அவளும் மூடியவுடனேயே எழுதினாள். ஒப்பிட்டுப் பார்த்தபோது முதல் வாக்கியம் இருபது சொற்களுக்கு மேல் மூலத்தைப் போலவே இருந்தது. தவறு என்னுடையது. படித்த சூட்டிலேயே எழுதினால் கண்ணில் நின்ற வாக்கியம்தான் கையில் இறங்கும். நம் வகுப்பில் செய்யுளை ஒப்பித்தோமே, அதைப் போல.

மறுமுறை இரண்டை மாற்றினோம். கட்டுரையை மூடிய பிறகு தேநீர் குடித்துவிட்டு அரைமணி நேரம் வேறு வேலை பார்த்தாள். பிறகு எழுதுவதற்கு முன், படித்ததை எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் படித்ததை வீட்டுப் பேச்சில் சொல்லும்போது அந்தக் கட்டுரையின் தொடர்கள் உதவிக்கு வருவதில்லை. புரிந்தது மட்டுமே வாயில் வருகிறது. "பாறையில் புளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன ஐயா, நீர் நெடுநாள் தங்கினால் அது கரைந்து வருகிறது, கால்சியம் குறைவான நீரில் அதிகமாக வருகிறது" என்று சொல்லிக்கொண்டே வந்தவளிடம், கால்சியம் குறைந்தால் புளோரைடு ஏன் கூட வேண்டும் என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது. ஓராண்டாகத் தன் ஏட்டில் வைத்திருந்த வாக்கியத்தின் காரணம் அவளுக்குத் தெரியாது. நகலெடுத்த பத்தி இதைத்தான் மறைத்து வைத்திருந்தது.

திரும்பத் திறந்து அந்த இடத்தை மட்டும் படித்தாள். காரணம் எளிதுதான். கால்சியமும் புளோரைடும் ஓர் அளவுக்கு மேல் ஒரே நீரில் சேர்ந்து கரைந்திருக்க முடியாது. மீறினால் கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். எனவே கால்சியம் நிறைந்த நீரில் புளோரைடுக்கு ஒரு கடிவாளம் உண்டு. நீரிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்தாலோ, களிமண் அதைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டாலோ, அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. இது புரிந்தவுடன் அவளாகவே தன் கிணறுகளின் அட்டவணையை எடுத்தாள். புளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணறுகளில் கால்சியம் தாழ்ந்தும் சோடியம் உயர்ந்தும் இருந்தன.

மறுநாள் காலை எழுதிக் கொண்டுவந்த பத்தி வேறு இடத்தில் தொடங்கியது. மூலக் கட்டுரை கனிமங்களின் பெயர்களில் தொடங்கும். இவள் தன் கிணறுகளில் பார்த்ததில் தொடங்கினாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருந்தது: "இப்பகுதியில் புளோரைடு மிகுந்த கிணறுகள் கால்சியம் குறைந்தவையாகவும் இருக்கின்றன. பாறையிலிருந்து புளோரைடு வருவது மட்டும் போதாது. அதைப் படியவைக்கும் கால்சியம் நீரில் இல்லாதபோதுதான் அது தங்குகிறது." இரண்டாவது வாக்கியத்தின் இறுதியில் அந்தக் கட்டுரையாளரின் பெயரும் ஆண்டும் இருந்தன.

இந்தப் பெயரைப் பற்றி உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்ததும் மேற்கோளையும் நீக்கிவிடலாம் என்ற ஆசை வரும். சொல் அவனுடையதானாலும் விளக்கம் மற்றவருடையது. பெயரை விட்டால் முன்பு அறியாமல் செய்த தவறு இப்போது அறிந்து செய்ததாகிவிடும். தமிழில் சொல்லிப் பார்க்கும் வழியிலும் இந்த ஆபத்து உண்டு. அவனுடைய மூலம் ஆங்கிலமாகவும் ஏடு தமிழாகவும் இருந்தால், வரிக்கு வரி மொழிபெயர்த்ததை மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதால் அது அவனுடைய எழுத்தாகிவிடாது.

எழுதிய பிறகு மூலத்தைக் கட்டாயம் ஒருமுறை திறக்க வேண்டும், ஏனென்றால் நினைவு எண்களில் வழுக்கும். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று அவள் எழுதியிருந்தாள். இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி. திருத்தியதும் மென்பொருள் அந்த வாக்கியத்தை மீண்டும் நிறமிட்டுக் காட்டியது. அதை அப்படியே விடச் சொன்னேன். ஓர் அளவுகோலைச் சொல்ல எத்தனை வழிதான் இருக்கிறது? அந்த 2018 விதிமுறையே பொது அறிவான செய்திகளிலும் தற்செயலான தொடர்களிலும் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்திருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. வரையறை போலச் சொல்லே முக்கியமான இடமானால் நினைவிலிருந்து எழுதவே வேண்டாம். மேற்கோள் குறிக்குள் வைத்துவிடலாம்.

ஒரு பத்திக்கு இரண்டு நாள் ஆயிற்று. சிவந்த பத்திகள் முப்பது என்றால் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட இயலைப் பத்தி பத்தியாகச் சரிசெய்ய முடியாது, குறிப்பேட்டிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டும்.

அவளுக்கு அடுத்துச் சிவந்தது, நீர் மாதிரி எடுத்த முறையைச் சொல்லும் பகுதி. அதற்கு எந்தக் கட்டுரையையும் படிக்கச் சொல்லவில்லை. கிணற்றடியில் நீ செய்ததை எழுது என்றேன். எத்தனை நிமிடம் நீரை ஓடவிட்ட பிறகு பிடித்தாள், கண்ணாடியை விட்டுப் பாலித்தீன் புட்டியை ஏன் எடுத்தாள், எந்த ஊரில் மின்சாரம் நின்று மறுநாள் போக வேண்டியதாயிற்று என்பதெல்லாம் அதில் வந்தன. மின்சாரக் கதையை மட்டும் நான் அடித்துவிட்டேன். இப்போது யோசித்தால் விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

உங்கள் மகனின் பத்தியையும் அதன் மூலத்தையும் அனுப்புங்கள். அவன் வார இறுதியில் தொலைபேசியில் அழைத்தால், இரண்டையும் மூடி வைத்துவிட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்