தொடர் குவிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில் ஞாயிறன்று வந்த கணிதப் பகுதியில் ஒரு வாக்கியம்: “டெய்லர் தொடர் குவிவதால், அது சார்புக்குச் சமம் என்பது தெளிவு.” யாருக்குத் தெளிவு என்று தெரியவில்லை. x = 0 தவிர மற்ற இடங்களில் f(x) = e^(-1/x²), f(0) = 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 0-வில் இதன் எல்லா வகைக்கெழுக்களும் 0. ஆகவே தொடர் முழுக்கப் பூச்சியம். எங்கும் அழகாகக் குவிகிறது. சார்போ x = 1-இல் ஏறக்குறைய 0.368. இதை 1820-களிலேயே சொன்னவர் கோஷி என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் அச்சாகும் இதழுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

விகிதச் சோதனை தொடர் குவிகிறதா என்று மட்டுமே சொல்லும். எதற்குக் குவிகிறது என்பதை மீதி உறுப்புதான் சொல்லும். Rₙ(x) → 0 என்று காட்டாதவரை சமக்குறி போட உரிமையில்லை.

அதே பகுதியில் ln(1+x)-க்கும் இதே அவசரம். லெக்ராஞ்சி வடிவத்தில் |Rₙ| = |x/(1+c)|ⁿ⁺¹/(n+1); c என்பது 0-க்கும் x-க்கும் இடையில் எங்கோ இருக்கும், n மாறினால் அதுவும் மாறும். x 0 முதல் 1 வரை என்றால் 1+c ஒன்றுக்குக் குறையாது. மீதி 1/(n+1)-ஐத் தாண்டாது, வேலை முடிந்தது. x = -0.8 போட்டுப் பாருங்கள். c எங்கே என்று தெரியாததால் 1+c 0.2 வரை இறங்கலாம். x/(1+c)-இன் அளவு 4 வரை போகலாம். நமக்குக் கிடைக்கும் வரம்பு 4ⁿ⁺¹/(n+1), அது ஊதிக்கொண்டே போகிறது. இங்கே தோற்றது நம் மதிப்பீடுதான், தொடர்மேல் குற்றமில்லை. c-யை நிலையான எண்ணாக வைத்து மாணவர்கள் தப்பிப்பது இந்த இடத்தில்தான். உங்கள் கட்டுரையாளரும் அதையே செய்திருக்கிறார்.

கோஷி வடிவத்துக்கு மாறினால் |Rₙ| = |x|·|x-c|ⁿ/(1+c)ⁿ⁺¹. c = -t என்று வைத்தால் (0.8-t)/(1-t) வருகிறது. t கூடக்கூட இது குறையும், ஆக 0.8-ஐத் தாண்டாது. மிஞ்சிய 1/(1+c) 5-க்குள் அடங்கும். எனவே மீதி 4 × 0.8ⁿ-க்குள். n = 10-இல் இது 0.43, n = 50-இல் சுமார் 0.00006. c எங்கே ஒளிந்திருந்தாலும் கவலையில்லை.

இன்னொன்று. சென்ற ஆண்டு முழுக்க 5! என்பதை உங்கள் அச்சகம் வெறும் 5 என்றே போட்டது. அது வியப்புக்குறி இல்லை ஐயா, காரணீயப் பெருக்கக் குறி. e-யின் தொடர் அந்தக் குறி இல்லாமல் என்னவாகிறது என்று எவரும் கூட்டிப் பார்க்கவில்லை போலும்: 1 + 1 + 1/2 + 1/3 + 1/4… அது குவிவதே இல்லை. இது பற்றி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. விளம்பர நெருக்கடி இருந்திருக்கும், புரிந்துகொள்கிறேன்.

வரும் ஞாயிறு ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். “தெளிவு” என்ற சொல்லை எடுத்துவிட்டு “மீதி 0-வை நோக்கிப் போவதால்” என்று போட்டாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்