இரண்டாவது ட்யூப் கேட்டு வருபவருக்காக: மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்தும் நண்பர்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவன். மூலம் என்று வருபவர்களில் பெரும்பாலோர் என்னைப் பார்ப்பதற்கு முன் உங்களைத்தான் பார்த்திருப்பார்கள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, "பைல்ஸுக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று மெதுவாகக் கேட்டிருப்பார்கள். கூச்சத்தில் வருகிற ஆளிடம் கேள்வி கேட்க உங்களுக்கும் தயக்கம்தான். முதல் ட்யூப் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. இந்த மடல் இரண்டாவது ட்யூபைப் பற்றியது.

அந்தக் களிம்புகளில் பொதுவாக என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். லிக்னோகெயின் மரத்துப்போகச் செய்யும். ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். ரத்த அழுத்தமோ தைராய்டு தொல்லையோ உள்ளவரிடம் அதில் கவனம் வேண்டும். ஜிங்க் ஆக்சைடு தோல்மேல் ஒரு பூச்சாக நிற்கும். ஹைட்ரோகார்ட்டிசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அரிப்பையும் அழற்சியையும் அடக்கும். எல்லாம் தொல்லையைத் தணிப்பவை. சரிந்து இறங்கிய மூலத் திசுவை மறுபடி ஏற்றிக் கட்டும் வேலையை இவற்றில் எதுவும் செய்வதில்லை. நாலு நாளில் குணமானது என்று சொல்பவருக்கு, மலம் இளகி, முக்குவது நின்று, வீக்கம் தானாக வடிந்திருக்கும். பேர் என்னவோ களிம்புக்கு.

உள்மூலத்தில் இன்னொரு விஷயம். அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லை. அதனால்தான் வலியே இல்லாமல் ரத்தம் சொட்டுகிறது. அங்கே மரப்பு மருந்துக்கு வேலை ஏது? உள்ளே வைக்கும் சப்போசிட்டரியும் பெரும்பாலும் மூலம் இருக்கும் இடத்தில் நிற்பதில்லை. வழுக்கி மேலே மலக்குடலுக்குப் போய் அங்கே உருகுகிறது. (உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.)

இனி ஸ்டீராய்டுக்கு வருகிறேன். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயது. எப்போதோ வந்த வீக்கத்துக்கு வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "நிறுத்தினா மறுபடி அரிக்குது சார், அதான்" என்றார். பார்த்தால் ஆசனவாயைச் சுற்றித் தோல் மெலிந்து பளபளவென்று இருந்தது, நுண்ணிய வெடிப்புகள். அதன் ஓரத்தில் தொடைப்பக்கம் பரவிய படர்தாமரை. ஸ்டீராய்டு போடப்போட அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் செழிக்கும். விட்டால் இரண்டும் சேர்ந்து அரிக்கும். அவரும் மூலம் முற்றிவிட்டது என்று நினைத்து அடுத்த ட்யூப் வாங்குவார். களிம்பை நிறுத்தி, பூஞ்சை மருந்து கொடுத்து, சோப்பை விட்டுத் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைக்கச் சொன்னேன். முதல் சில நாள் அரிப்பு கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். இல்லையென்றால் நேரே உங்கள் கடைக்குத்தான் வந்திருப்பார். அவருடைய மூலம் இரண்டாம் நிலையில்தான் இருந்தது. ரப்பர் வளையம் போட்டுச் சரிசெய்தோம்.

ஸ்டீராய்டு இல்லாத களிம்பிலும் ஆபத்து உண்டு. சிங்கோகெயின், பென்சோகெயின் போன்ற மரப்பு மருந்துகளே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அதுவும் அரிப்பாகத்தான் தெரியும். இதனால்தான் இந்தக் களிம்புகளை ஒரு வாரத்துக்கு மேல் தானாகப் போட வேண்டாம் என்கிறோம். பெக்லோமெத்தசோன் உள்ளிட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளை அரசு 2018இல் ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சிவப்புக்கோடு போட்ட அந்த ட்யூபை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். முன்பு வாங்கியவரே மறுபடி வந்தால், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். ரத்தம் வருகிறதா, மலம் கழிக்கும்போது கண்ணாடி கீறுவதுபோல் வலிக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படி வலித்தால் அது பெரும்பாலும் மூலமல்ல, வெடிப்பு. அதற்கு மருந்தே வேறு. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ களிம்பு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். குடல் புற்றுநோயும் மூலம் மாதிரியே ரத்தம் காட்டும். உள்ளே கருவி வைத்துப் பார்க்காமல் எனக்கே வித்தியாசம் தெரியாது.

பதிலுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். இசப்கோல் உமி கொடுங்கள், நிறையத் தண்ணீரோடு குடிக்கச் சொல்லுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம், கழிப்பறையில் செல்போனோடு அரைமணி நேரம் உட்காரும் பழக்கம் உண்டா என்றும் விசாரியுங்கள். அதற்கு எந்தக் கம்பெனியும் ட்யூப் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப்பக்கத்து அறுவைச் சிகிச்சை மருத்துவன்