ஒரு சதவீதம்தானே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில், "மியூச்சுவல் ஃபண்டில் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானுக்கும், முகவர் வழியாக அவர் கமிஷனோடு வாங்கும் ரெகுலர் பிளானுக்கும் செலவு விகிதத்தில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்" என்று ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியிருந்தீர்கள். பெரிதுபடுத்தாமல் இருந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

2013-இல் ஓய்வு பெற்றபோது, வங்கியில் நாற்காலி போட்டு, காபியும் கொடுத்து, ஒரு பங்குச்சந்தை ஃபண்டில் ஐந்து லட்சம் போட வைத்தார்கள். ஃபண்டு நிறுவனங்கள் டைரக்ட் பிளானும் தர வேண்டும் என்று அந்த வருடம் ஜனவரியிலேயே செபி கட்டாயமாக்கிவிட்டது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காபி மட்டும் நன்றாக இருந்தது.

பன்னிரண்டு வருடத்தில், ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதக் கணக்கில், பணம் 15.69 லட்சம் ஆனது. சந்தோஷம்தான். அப்புறம் மகன் ஃபேக்ட்ஷீட்டை எடுத்துக் காட்டினான். பக்கத்தின் அடியில், என் கண்ணாடிக்கே எட்டாத எழுத்தில், செலவு விகிதம்: ரெகுலர் 1.9, டைரக்ட் 0.9. இந்த ஒரு சதவீதம் மிஞ்சியிருந்தால் அதே ஐந்து லட்சம் 17.49 லட்சம் ஆகியிருக்கும். 1.80 லட்சம் போயிற்று. இருபது வருடம் விட்டுவைத்தால் வித்தியாசம் 6.67 லட்சம். போட்ட முதலைவிட அதிகம்!

யாரும் பில் அனுப்புவதில்லை, பாஸ்புக்கிலும் பற்று விழுவதில்லை. வருடச் செலவை 365-ஆல் வகுத்து, தினமும் கழித்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.யை அறிவிக்கிறார்கள். என் தொகைக்கு அந்த ஒரு சதவீதம் மட்டும் இன்றைய கணக்கில் நாளைக்கு 43 ரூபாய். சந்தை விழுந்த நாளிலும் அது நிற்காது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரே ஃபண்டின் இரண்டு பிளான்களின் இன்றைய என்.ஏ.வி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். 2013-க்கு முந்தைய ஃபண்டுகளில் டைரக்ட் பிளான் தொடங்கிய அன்று இரண்டும் ஒன்றுதான்.

சரி, இப்போதே மாற்றிவிடலாமே என்பீர்கள். மாற்றினால் விற்றதாகக் கணக்கு. லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5 சதவீதம் வரி. ஆகவே வருடத்துக்குக் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன், இந்த வயதில்.

முகவர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தம்பியின் முகவர் 2020 மார்ச்சில் பதறிப்போய் விற்க இருந்தவனைப் பிடித்து நிறுத்தினார், அவருக்குக் கமிஷன் தகும். எனக்கு விற்றவரோ ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். கமிஷன் மட்டும் மாற்றலாகவில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் உங்கள் ஃபண்டு அட்டவணையில் வருமானத்துக்கு ஐந்து கட்டங்கள், செலவு விகிதத்துக்கு ஒன்றுகூட இல்லை. இதைக் கேட்டு நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்கள் வெளிவரவில்லை. ரெகுலர், டைரக்ட் இரண்டின் செலவு விகிதத்தையும் கடைசியில் ஒரு கட்டமாகச் சேருங்கள், போதும். இடம் போதாதென்றால், எதிர்ப்பக்கத்து ஃபண்டு விளம்பரத்தில் ஒரு அங்குலம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
திருநெல்வேலி