லித்தியம் எத்தனை கிராம் என்று கேட்டீர்கள், செல்லின் எடையைச் சொன்னேன்

லிஸ்டிங் சரிபார்ப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விற்பனைத் தளத்தில் நான் விற்கும் மேசை விளக்கு முடக்கப்பட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கேட்டேன். நான்கு முறையும் ஒரே பதில்: “உங்கள் பொருள் அபாயப் பொருள் ஆய்வில் உள்ளது.” தனியாக எழுதினால் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். விளக்கின் அடிப்பாகத்தில் சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயான் செல் ஒன்று இருக்கிறது. அதன் உறையில் 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருக்கிறது. உங்கள் படிவத்தில் பேட்டரி உண்டா என்றதற்கு ஆம் என்றேன். என்ன வகை, எத்தனை, கருவிக்குள் பொருத்தியதா, எல்லாவற்றையும் சரியாகவே நிரப்பினேன். அடுத்து வந்தது “லித்தியம் அளவு (கிராம்)” என்ற கட்டம். பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை, காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவும் விடவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கைத் திருகிக் கழற்றி, செல்லை வெளியே எடுத்துத் தராசில் வைத்தேன். 45 கிராம். அப்படியே 45 என்று போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஷிப்பிங் முடக்கம்.

இப்போது விஷயம் தெரியும். அந்த 45 கிராமில் பெரும்பங்கு மின்முனைப் பொருட்கள், எஃகு உறை, செம்புத் தகடு, அலுமினியத் தகடு இவற்றின் எடை. லித்தியம் மிகக் கொஞ்சம்தான். பழைய கணக்குப்படி ஆம்பியர் மணியை 0.3 ஆல் பெருக்க வேண்டும். 2 ஆம்பியர் மணி என்றால் 0.6 கிராம். அதைவிட, சார்ஜ் செய்கிற செல்லுக்கு இந்தக் கேள்வியே வரக்கூடாது. கிராம் கணக்கு பார்ப்பது லித்தியம் பொத்தான் செல் போன்ற, சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் உலோக வகைக்கு. அங்கேதான் செல்லுக்கு 1 கிராம், பேட்டரிக்கு 2 கிராம் என்று வரம்பு. லித்தியம் அயானுக்குப் பார்க்க வேண்டியது வாட் மணி. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் போதும்: 3.7 × 2 = 7.4. சிறிய பேட்டரி என்ற சலுகைக்குச் செல்லுக்கான வரம்பு 20. என் விளக்கு அதில் பாதியைக் கூடத் தொடவில்லை.

உங்கள் கணினி 45 கிராம் லித்தியம் என்று படித்திருக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 150 ஆம்பியர் மணி, 555 வாட் மணி. மின்சார சைக்கிளையே ஓட்டிவிடலாம்! உள்ளங்கை அகல விளக்குக்குள் அது எப்படி நுழைந்தது என்று உங்களில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்திருந்தால், “லித்தியம் அளவு கட்டத்தில் 45 என்று இருக்கிறது, சரிபார்க்கவும்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். எந்தக் கட்டம், அதில் என்ன மதிப்பு தவறு என்று சொல்லுங்கள்.

சரி, எண்ணைத் திருத்தினேன். உடனே, லித்தியம் செல்லை ஏற்றி அனுப்புவது பாதுகாப்பா என்று பார்க்கும் யுஎன் 38.3 சோதனையின் சுருக்கம் கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான். 2020 முதல் செல் தயாரிப்பவர் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. வாங்கி அனுப்பினேன். “ஆவணத்தில் உள்ள மாடல் எண் பொருளின் மாடல் எண்ணோடு பொருந்தவில்லை” என்று திருப்பி அனுப்பினீர்கள். எப்படிப் பொருந்தும்? சோதித்தது செல்லை, விளக்கை இல்லை. ஆவணத்தில் இருப்பது செல்லின் மாடல் எண். அதே எண் செல்லின் உறையிலும் இருக்கிறது, படமும் எடுத்து அனுப்பினேன். அதற்கும் அந்த “ஆய்வில் உள்ளது” பதில்தான்.

இதற்கிடையில் என்னைப் போலவே விற்கிற ஒருவர் அன்பாக ஒரு யோசனை சொன்னார். “பேட்டரி உண்டான்னு கேட்டா இல்லைன்னு போடுங்க, அஞ்சு நிமிஷத்துல லைவ் ஆயிடும்.” உண்மைதான், ஆகிவிடும். ஆம் என்று சொன்னவனுக்குப் பத்தொன்பது நாள், இல்லை என்று பொய் சொன்னவருக்கு ஐந்து நிமிடம். செல் ஒன்று உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்க ஆரம்பித்தால், விமானத்தின் சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கலாம், அந்தச் சூட்டை நிறுத்தாது. அதற்காகத்தானே இத்தனை கேள்வியும்? உங்கள் முறையோ சரியாக அறிவிப்பவர்களை வடிகட்டி வெளியே நிறுத்துகிறது.

இதே விளக்கை உபரி செல் ஒன்றோடும் விற்க நினைத்தேன். உபரி செல் பெட்டிக்குள் வந்ததுமே அது “கருவிக்குள் பொருத்தியது” மட்டும் இல்லை, “கருவியோடு சேர்த்து வைத்தது” ஆகிவிடுகிறது. அபாயப் பொருளை அடையாளம் காட்டும் யுஎன் எண் இரண்டுக்கும் 3481தான், ஆனால் பேக்கிங் விதி வேறு. தனி விளக்கு ஒன்றிரண்டு பார்சலாகப் போனால் பேட்டரி முத்திரை வேண்டாம், உபரி செல் இருந்தால் பெட்டி மேல் முத்திரை ஒட்டியாக வேண்டும். உங்கள் படிவமோ முதல் வகைக்குச் சொன்ன பதிலை இரண்டாவதற்கும் தானாக நிரப்பி, மாற்ற விடாமல் பூட்டி வைக்கிறது. நாளைக்கு முத்திரை இல்லாத பெட்டி கிடங்கில் பிடிபட்டால் தவறான அறிவிப்பு என்று யார் கணக்கில் எழுதுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

திரவத்தின் கதையும் இப்படித்தான். மரச் சாமான் துடைக்கும் பாலிஷ் ஒன்று விற்கிறேன், தண்ணீர் கலவை. பாதுகாப்புத் தரவுத் தாளின் 9ஆம் பகுதியில் தீப்பற்று நிலை இல்லை என்றும், 14ஆம் பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இல்லை என்றும் தெளிவாக இருக்கிறது. தீப்பற்று நிலை 60 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால்தான் எரியும் திரவம் என்ற பேச்சே வரும். தலைப்பில் பாலிஷ் என்ற சொல்லைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டீர்கள். 14ஆம் பகுதியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

உடையக்கூடியது என்ற கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளக்கின் கூண்டு கண்ணாடி, அதனால் டிக் செய்தேன். செய்ததும் பேட்டரிப் பகுதியில் நிரப்பியதெல்லாம் அழிந்து, முதலிலிருந்து கேட்டது. இதை யார் சோதித்துப் பார்த்தார்களோ!

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள். நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுத்தும்போது எந்தக் கட்டம், என்ன மதிப்பு, என்ன ஆவணம் என்று எழுதுங்கள். லித்தியம் அயான் என்று தேர்ந்தெடுத்தவரிடம் கிராமைக் கேட்காமல் வாட் மணியைக் கேளுங்கள். உபரி செல் உள்ள வகைக்குத் தனியாகப் பதில் சொல்ல விடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து என் விளக்கின் ஐந்தாவது புகாரை ஒரு மனிதரிடம் கொடுங்கள். சோதனைச் சுருக்கம், செல் உறையின் படம், 7.4 என்ற கணக்கு மூன்றையும் மறுபடி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
45 என்று எழுதிய விற்பனையாளர்