புதுப் பாந்தனியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், புதிதாக வாங்கிய பாந்தனி, சுங்குடித் துணிகளைக் கல் உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும், பிறகு போகாது என்று எழுதியிருந்தீர்கள். சாயப் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. பருத்தித் துணியில் அப்படி எதுவும் பிடித்துக்கொள்ளாது. அதைவிட, ஓர் இரவு முழுக்க ஊறும் துணியில் வெள்ளைப் புள்ளிகள் பாழாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எதனால் என்று புரிய, அந்தப் புள்ளி எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்ச், ஜாம்நகர் பக்கத்துப் பாந்தனியிலும் மதுரைச் சுங்குடியிலும் வேலை ஒன்றுதான். துணியில் ஓர் இடத்தை நகத்தாலோ சிறு ஊசி முனையாலோ கூம்பு போலத் தூக்கி, அதன் கழுத்தில் நூலைப் பல சுற்று இறுக்கிச் சுற்றுகிறார்கள். சாயத் தண்ணீர் துணிக்குள் பரவுவது இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக. நூல் இறுக்கியவுடன் அந்த இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. சாயம் வந்து நூலின் மேலும், நூலை ஒட்டிய இழைகளிலும் தங்கிவிடும். உள்ளே போக வழி இல்லை. அதனால்தான் ஒரே முடிச்சு பல தொட்டிகளைத் தாங்குகிறது.

ஆனால் கூம்பின் உச்சி நூலுக்கு வெளியே நிற்கிறது, அது சாயத்தைக் குடித்துவிடும். எனவே பிரித்துப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது முழு வெள்ளைப் புள்ளி அல்ல. நடுவே சாயப் பொட்டு வைத்த வெள்ளை வளையம். அதன் அளவையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். உச்சியிலிருந்து 3 மில்லிமீட்டர் கீழே தொடங்கி 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு நூல் சுற்றினால், நடுப் பொட்டு சுமார் 6 மில்லிமீட்டர் குறுக்களவும், வளையத்தின் வெளி விளிம்பு சுமார் 10 மில்லிமீட்டரும் வரும். நல்ல கைகள் தூக்கும் கூம்பு இதைவிட மிகச் சிறியது. வளையம் சரியான வட்டமாக இல்லாமல் சற்றுச் சதுரமாக இருப்பதும் குறை அல்ல. பாவு நூலும் ஊடை நூலும் தங்கள் திசையில் நீளாது, மூலைவாட்டில்தான் துணி இளகிக்கொடுக்கும். அதன் மடிப்புகள் அந்த வடிவத்தைத் தருகின்றன. அச்சிட்ட போலித் துணியில் புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சாக இருப்பதையும், ஊசி முனை தொட்ட தடமோ சுருக்கமோ இல்லாததையும் கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது சிவப்புத் தரையில் வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் கொண்ட ஒரு பருத்தித் துப்பட்டாவை எடுத்துக்கொள்வோம். முதலில் வெள்ளைத் துணியில், எங்கெல்லாம் வெள்ளை நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் முடிச்சு. பிறகு துணி முழுவதும் மஞ்சள் தொட்டியில் போகிறது. எடுத்து அலசி, எங்கெல்லாம் மஞ்சள் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் இரண்டாம் சுற்று முடிச்சு. பிறகு சிவப்பு. இந்த வரிசையை மாற்ற முடியாது, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக வேண்டும். முதல் சுற்று முடிச்சுகள் கடைசி வரை பிரிக்கப்படுவதே இல்லை. ஆகவே அவை இரண்டு தொட்டிகளில் முங்கியிருக்கின்றன, அவற்றைச் சுற்றிய நூலும் இரண்டு சாயத்தையும் குடித்திருக்கிறது.

கழுவும்போது சாயம் ஏன் போகிறது என்ற கேள்விக்குப் பெரிய பதில் இங்கேதான் இருக்கிறது. சாதாரணத் துணியைச் சாயம் ஏற்றிய பிறகு விரித்து, பலமுறை அலசி, சூடான சோப்புத் தண்ணீரில் போட்டு, ஒட்டாத சாயத்தையெல்லாம் பட்டறையிலேயே வெளியேற்றிவிடலாம். பாந்தனியை அப்படிச் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான முடிச்சுகளோடு சுருண்டு கிடக்கும் துணியில் தண்ணீர் எல்லா மடிப்பிலும் புகாது. பல துணிகள் முடிச்சோடேயே விற்பனைக்கும் வருகின்றன. வாங்குபவர் முன்னால் குறுக்கே பிடித்து இழுத்தால் நூல் பொலபொலவென்று உதிரும். அந்த அழகான சுருக்கத்தைக் காப்பாற்ற யாரும் அதைத் தேய்த்து அலசுவதில்லை. ஒட்டாத சாயம் மடிப்புகளிலேயே காய்ந்து நிற்கிறது. முதல் முறை முழுமையாக விரித்து நனைப்பவர் நாம்தான். பட்டறையில் நடந்திருக்க வேண்டிய கடைசி அலசல் நம் வாளியில் நடக்கிறது, அவ்வளவுதான். முதல் தண்ணீர் சிவந்ததைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்யத் தேவையில்லை.

ஒட்டாத சாயம் ஏன் மிஞ்சுகிறது? அது சாயத்தின் வகையைப் பொறுத்தது. பருத்திக்கு இன்று அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயம், காரத்தன்மையுள்ள தண்ணீரில் இழையோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. அப்படிப் பிணைந்த பகுதி எளிதில் போகாது. ஆனால் ஒரு பங்குச் சாயம் இழையோடு சேர்வதற்கு முன்பே தண்ணீரோடு வினை புரிந்து வீணாகிவிடும். அந்தச் செத்த சாயம் இனி எந்த வைத்தியத்தாலும் பிணையாது. இழையின் மேல் சும்மா தொற்றிக்கொண்டு நிற்கும், முதல் சில சலவைகளில் இறங்கிவிடும். டைரக்ட் சாயம் வேறு: அது தொடக்கத்திலிருந்தே வலுவற்ற பிடிப்பில்தான் நிற்கிறது, ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் பருத்தி இழையும் சாயத் துகளும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழைப் பக்கம் நெருக்குகிறது. சாயத் தொட்டியில் உப்புப் போடுவது இதற்காகத்தான். நெருக்குவதோடு அதன் வேலை முடிந்தது. பிணைக்கும் வேலையைக் காரம்தான் செய்கிறது. காய்ந்து முடிந்த துணியை உப்புத் தண்ணீரில் போட்டால் ஒட்டாத சாயம் தண்ணீருக்கு வராமல் இழையிலேயே நிற்கும். வாளி தெளிவாக இருக்கும், உப்பு வேலை செய்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டதும் எல்லாம் வெளியே வரும். இன்னொரு கேடும் உண்டு. தண்ணீருக்குக் கொஞ்சமாவது வந்த சாயத்தை உப்பு திரும்ப இழையின் மேல் தள்ளும்போது, அது சிவப்புத் தரைக்கு மட்டும் போகாது. சாயம் காணாத வெள்ளை வளையமும் அதே பருத்திதான். இரவு முழுக்க நேரம் கொடுத்தால் அது ரோஜா நிறமாகிவிடும்.

வினிகருக்குப் பட்டில் ஓரளவு இடம் உண்டு. பட்டு புரத இழை. அதற்குப் போடும் ஆசிட் சாயம் புளிப்பான தண்ணீரில் நன்றாகப் பற்றி நிற்கும். எனவே பட்டுப் பாந்தனியின் கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மூன்று கரண்டி வினிகர் தவறல்ல. பருத்திக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

சரி, அந்தச் சிவப்புத் துப்பட்டாவை எப்படிக் கழுவுவது? முதலில் வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்றை ஈரமாக்கி, துப்பட்டாவின் ஓரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இன்னொரு துண்டை நனைக்காமல் தேய்த்துப் பாருங்கள். ஈரத் துண்டில் மட்டும் கறை என்றால் அது கரையும் சாயம், அலசினால் குறையும். உலர்ந்த துண்டிலும் கறை வந்தால், சாயத் துகள் இழையின் மேற்பரப்பிலேயே படிந்திருக்கிறது என்று பொருள். அது உடுத்தும்போதும் உராய்ந்து உராய்ந்து போகும், நாப்தால் சாயத்தின் அடர் சிவப்பில் இதை அதிகம் பார்க்கலாம்.

துணியைத் தனியாக, பெரிய வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரில், முழுமையாக விரித்து முக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இறங்கிய சாயம் நீர்த்துப்போகும், வெள்ளையில் ஏற வலுவிருக்காது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் விடக்கூடாது. தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, நிறம் வெளிறிய பிறகு, பருத்தியாக இருந்தால் கை பொறுக்கும் சூட்டில் மிதமான சோப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசலாம். செத்த சாயத்தை இழையிலிருந்து கழற்றுவதில் சூடும் சோப்பும்தான் உதவும். பட்டுக்குச் சூடு வேண்டாம்.

அதன் பிறகு செய்யும் தவறுதான் அதிகத் துணிகளைக் கெடுக்கிறது. முறுக்கிப் பிழிந்து, சுருட்டி, பக்கெட் ஓரத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். ஈரமான சிவப்புத் தரை வெள்ளைப் புள்ளியின் மேல் படிந்து கிடக்கிறது, காயக் காயச் சாயம் அதற்குள் நகர்கிறது. பிழியாமல், பழைய துண்டு ஒன்றில் விரித்து ஈரத்தை ஒற்றியெடுத்து, மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படாதபடி உடனே நிழலில் விரித்துப் போட வேண்டும்.

ஒவ்வொரு சலவையிலும் முதல் அலசல் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மூன்றாவது தம்ளர் முதலாவதைவிடப் பளிச்சென்று வெளிறியிருந்தால், மிச்சச் சாயம்தான் இறங்கிக்கொண்டிருந்தது; கவலையில்லை. நான்கு, ஐந்து சலவைக்குப் பிறகும் தம்ளர்கள் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருந்து, துணியும் மங்கினால் அது டைரக்ட் சாயமாக இருக்கும். அதற்குச் சாயக் கடைகளில் கிடைக்கும், சாயத்தைப் பிடித்து நிறுத்தும் பிக்ஸர் ஓரளவு கைகொடுக்கும். இல்லாவிட்டால் கடைசி வரை தனியாகவே கழுவ வேண்டியதுதான்.

வெள்ளையில் சிவப்பைக் கண்டவுடன் அது சலவையில் வந்தது என்று நினைக்க வேண்டாம். துணியை நனைப்பதற்கு முன்பே, வளையத்தின் உள் விளிம்பை ஒட்டி மெல்லிய நிழல் போல இருந்தால், அது முடிச்சு தளர்ந்து தொட்டியில் புகுந்த சாயம். அது பிணைந்தே இருக்கும், போகாது. சலவைக்குப் பிறகு எல்லா வெள்ளையும் சீராக வெளிர் சிவப்பாகியிருந்தாலோ, மடித்த கோட்டின் வழியே திட்டுத்திட்டாக இருந்தாலோ, அது வாளியில் ஏறியது. துணி காய்வதற்குள், இஸ்திரி போடுவதற்குள், உடனே மறுபடி நிறையத் தண்ணீரில் வெதுவெதுப்பான சோப்போடு அலசினால் பெரும்பாலும் கழன்றுவிடும். இதுவும் பருத்திக்குத்தான், பட்டென்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். பிளீச் மட்டும் தொடாதீர்கள், அது கறையோடு தரையின் சிவப்பையும் எடுத்துவிடும்.

அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முழுக் கடிதத்துக்கு இடமில்லை என்றால், பருத்தியை உப்பிலும் வினிகரிலும் ஊறவைக்க வேண்டாம், நிறையத் தண்ணீரில் சீக்கிரம் அலசி விரித்துக் காயவைக்கவும் என்ற அளவிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி