எலும்பு கடிக்கும் மாடும் சினை பிடிக்காத மாடும்: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள மாடு வளர்ப்போருக்கு,

வணக்கம். மேய்ச்சலில் கிடக்கிற எலும்பு, செருப்பு, கந்தல் துணி எதையும் விடாமல் மாடு மெல்லுகிறது என்றும், ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றும் கடைக்கு வருவோர் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே மாட்டில் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாஸ்பரஸ் குறைவை.

நம் சேலம், நாமக்கல் பக்கத்துத் தீவனத்தில் இந்தக் குறை எளிதாக வந்துவிடும். சுமார் 400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டை எடுத்துக்கொள்வோம். உடம்புக்கு ஏறக்குறைய 12 கிராம், பாலுக்கு 14 கிராம் என்று தினம் 26 கிராம் பாஸ்பரஸ் வேண்டும். சோளத்தட்டு 8 கிலோ, காய்ந்த மரவள்ளித் திப்பி 3 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ போடுகிறோம். தட்டில் 8 கிராம், புண்ணாக்கில் 6 கிராம் கிடைக்கும். திப்பி வெறும் மாவுச்சத்து, 3 கிலோவுக்கும் சேர்த்து 2 கிராம் தேறினால் அதிகம். ஆக 16 கிராம்தான். வயிறு நிறைந்த மாட்டுக்குத் தினம் 10 கிராம் துண்டு விழுகிறது.

கறவை உடனே நின்றுவிடாது. மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். அதனால்தான் குறை மாதக்கணக்கில் வெளியே தெரியாது. பிறகு தீனி எடுப்பது குறையும், ரோமம் மங்கும், நடை விறைக்கும். கிடாரி பருவத்துக்கு வரத் தாமதமாகும், கன்று போட்ட மாடு மறுபடி சூடு காட்டாது. சினைக்கோளாறில் பெரும்பங்கு தீனி குறைந்து உடம்பு வற்றுவதால் வருவது. பாஸ்பரஸ் போதுமான அளவு கிடைக்கிற மாட்டுக்கு மேலும் மேலும் கொட்டுவதால் மட்டும் சினை பிடித்துவிடாது. அப்படிப்பட்ட மாட்டுக்குக் கருப்பைப் பரிசோதனைதான் வேண்டும், எங்கள் தாது உப்புப் பை வேண்டாம்.

எலும்பு மெல்லுவதை வெறும் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அழுகிய எலும்பில் போட்டுலிசம் நஞ்சு இருக்கலாம். பின்னங்கால் தளர்ந்து, நாக்கைத் தொங்கவிட்டு, காய்ச்சலே இல்லாமல் மாடு படுத்துவிடும். பிழைப்பது அரிது. தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தெய்லர் 1920-களில் இதைத்தான் கண்டறிந்தார்: மேய்ச்சல் நிலத்தில் பாஸ்பரஸ் இல்லை, மாடு எலும்பைத் தேடியது, எலும்பில் இருந்த நஞ்சு கொன்றது. ஆகவே காட்டில் கிடக்கும் எலும்பைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். மண்ணைத் தின்பதும் சுவரை நக்குவதும் மட்டும் என்றால் குடற்புழுவோ உப்புக் குறைவோ காரணமாக இருக்கலாம். குடற்புழு மருந்து கொடுத்து, தினம் 30 கிராம் கல்லுப்பு சேர்த்துப் பாருங்கள்.

சரி, அந்த மாட்டுக்கு என்ன மாற்றலாம்? திப்பியில் ஒரு கிலோவைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கிலோ கோதுமைத் தவிடு போடுங்கள். அதில் சுமார் 10 கிராம் பாஸ்பரஸ் வரும். தவிட்டில் உள்ளது கோழிக்கு அவ்வளவாகச் சேராது. மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பிரித்துக் கொடுத்துவிடும். அதோடு 12 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள தாது உப்புக் கலவை 50 கிராம் கொடுத்தால் இன்னொரு 6 கிராம். மொத்தம் 31 கிராமைத் தாண்டும், அதாவது தேவைக்குக் கொஞ்சம் மேலே. கால்சியமும் கலவையிலேயே வருவதால், தவிடு கூடினாலும் இரண்டின் விகிதம் கெடாது.

கால்சியம் டானிக் மட்டும் வாங்கி ஊற்றுவதால் இந்தக் குறை தீராது. சுண்ணாம்புத்தூளிலும் கிளிஞ்சல் தூளிலும் பாஸ்பரஸ் கிடையாது. கலவை வாங்கும்போது பையில் பாஸ்பரஸ் எத்தனை சதவீதம் என்று படித்து வாங்குங்கள், எங்களிடம் வாங்கினாலும் சரி. டைகால்சியம் பாஸ்பேட் என்ற டிசிபி வாங்கினால் தீவனத்துக்கென்று உள்ளதாகப் பாருங்கள். உரத்துக்கான பாஸ்பேட்டில் புளோரின் கலந்திருக்கும், பல்லையும் எலும்பையும் கெடுக்கும். எலும்புத்தூளைக் கலக்கவே வேண்டாம்.

கலவையைத் தண்ணீர்த் தொட்டியில் கரைக்காதீர்கள். மாடு குடித்து முடித்த பிறகு தொட்டியின் அடியைக் கையால் வழித்துப் பாருங்கள், சாம்பல் நிறச் சேறாகக் கையில் ஒட்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அங்கேதான் இருக்கிறது. தவிட்டை லேசாக நனைத்து, கலவையை அதில் பிசிறி, புண்ணாக்கோடு வையுங்கள். கலவையின் சுவை சில மாடுகளுக்குப் பிடிக்காது. முதல் நாள் 15 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50-க்கு ஏற்றுங்கள்.

எலும்பு தேடுவது சில வாரங்களில் குறையத் தொடங்கும். சூட்டுக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதற்குள் நிறுத்திவிட வேண்டாம். அப்போதும் மாற்றம் இல்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் இரத்தத்தில் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லியில் 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவுதான்.

கன்று போட்ட சில வாரங்களில் மூத்திரம் காபி நிறத்தில் போனால் தீவனத்தை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இரத்த அணுக்கள் உடைகின்றன, அன்றே மருத்துவர் வந்து ஊசி போட வேண்டும்.

உங்கள் மாட்டின் எடை, கறவை, தினம் போடும் தீனி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்தால், மேலே போட்ட கணக்கை உங்கள் மாட்டுக்கும் கடையிலேயே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாட்டுத்தீவனக் கடையினர்