அடகுக் கடை வாசலில் ‘நான்’ எங்கே போனாள்?

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் கதையும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. பேத்திக்குப் பல் முளைத்த சேதியைப் படித்ததும் உடனே கிளம்பி வர வேண்டும்போல் இருந்தது. இங்கே மூன்று நாளாக மழை. மாடி அறையில் ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். தங்கை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன வளையல்களை அக்கா அடகு வைக்கிறாள். மூன்று பக்கம் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவள், அடகுக் கடை வாசலில் திடீரென்று ‘அவள்’ ஆகிவிடுகிறாள். இது தப்பா என்று கேட்டிருக்கிறாய். தப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் இருந்த இரக்கம் சட்டென்று குறைந்துவிட்டது. ஏன் என்று நான்கு நாளாக யோசித்தேன்.

தஸ்தயேவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை 1865இல் தொடங்கியபோது கொலைகாரனே சொல்லும் வாக்குமூலமாகத்தான் எழுதினார். நிறைய எழுதியான பிறகு, அந்த நவம்பர் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். கண்ணுக்குத் தெரியாத, எல்லாம் அறிந்த ஒருவர் சொல்ல வேண்டும், ஆனால் அவர் ஒரு நிமிடம்கூட அவனை விட்டு நகரக் கூடாது என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். முடிந்த நாவலில் அந்தக் குரல் சில இடங்களில் அவனை விட்டு விலகி அம்மாவோடும் தங்கையோடும் போய் இருக்கிறது. அப்போது அவர்களுடைய பயத்தின் வழியாக அவனைப் பார்க்கிறோம்.

இந்த மாற்றம் என்ன செய்தது என்று பார்க்க லிசவேத்தா சாகும் இடத்தை எடுத்துக்கொள். அவன் முதலில் கொன்ற அடகுக்காரக் கிழவியின் தங்கை அவள். எதிர்பாராமல் வந்து நிற்கிறாள். கோடரி தலைக்கு மேலே உயர்ந்த பிறகும் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்கி, அவனைத் தள்ளுவதுபோல் நீட்டுகிறாள். இதையே அவன் “நான் பார்த்தேன், அவள் முகத்தைக்கூட மறைக்கவில்லை” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ‘இதை ஏன் இப்போது எங்களிடம் சொல்கிறான், பரிதாபம் தேடுகிறானா?’ என்று நாம் அவனையே சந்தேகப்படுவோம். லிசவேத்தா மறைந்துபோவாள். ‘அவன்’ என்று வரும்போது அந்தக் கை யாருக்காகவும் வாதாடாமல் அப்படியே நம் கண்முன் நிற்கிறது.

அடுத்த சில பக்கங்களில் இன்னொன்று நடக்கிறது. வெளியே ஆட்கள் வந்து கதவைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே கொக்கி ஆடுவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கும் மூச்சு நின்றது. கொக்கி கழன்றுவிடக் கூடாதே என்று நினைத்தேன், செல்வி, கொலைகாரனுக்காக! வாக்குமூலம் எழுதுகிறவன் எப்படியோ தப்பித்து வந்து உட்கார்ந்து எழுதுகிறான் என்று நமக்குத் தெரியும். ‘அவன்’ என்றால் அந்த நிச்சயம் கிடையாது.

உன் அக்கா மூன்று பக்கமும் காரணம் சொல்கிறாள். கணவனுக்கு வேலை போனது, பையனின் பீஸ், எல்லாம் நியாயம்தான். ஆனால் வாய் ஓயாமல் காரணம் சொல்பவளிடம் வாசகர் நீதிபதியாக உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் முக்கியமான இடத்தில் ‘நான்’ மறைந்து ‘அவள்’ வந்ததும், செய்ததைத் தன் வாயால் சொல்லக் கூசித் தப்பித்துப் போகிறாள் என்று பட்டது. அவள் அப்படிப்பட்டவள்தான் என்றால் மாற்றம் இருக்கட்டும், ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும் அவள் மறுபடியும் ‘நான்’ என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் முதல் வரியிலிருந்தே ‘அவள்’ என்று எழுதிவிடு.

மாற்றும்போது ஒன்றைக் கவனி. நம் மொழியில் ‘எடுத்தேன்’ என்பதை மாற்றினால் ‘எடுத்தாள்’, ‘எடுத்தார்’ என்று இரண்டு வழி வந்து நிற்கும். ‘எடுத்தார்’ என்றால் மரியாதையோடு இடைவெளியும் வந்துவிடும். ‘எடுத்தாள்’ பக்கத்திலேயே இருக்கும். அதோடு ‘என்று நினைத்தாள்’ என்பதை முடிந்த இடத்திலெல்லாம் எடுத்துவிடு. “வளையல்களைத் தராசில் வைத்தார் கடைக்காரர். இவ்வளவுதானா எடை? தங்கை கையில் எவ்வளவு கனமாகத் தெரிந்தன!” இப்படி எழுதினால் சொல்பவர் வேறு ஆள், மனம் அவளுடையது. அவள் ஒரு காரணமும் சொல்லாமலே நான் அவள் பக்கம் வந்துவிடுவேன்.

அடகுக் கடைப் பக்கத்தை மட்டும் இப்படி எழுதி முதலில் அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது மீதியைச் சேர்ந்து படிக்கலாம். பேத்தியின் போட்டோவையும் மறக்காதே.

அன்புடன்,
மீனா